பந்தயப் பையில் நான்கு பொருட்கள்: அமெச்சூர் வீரர்களுக்கான ஊக்கமருந்து விதிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு அரை மாரத்தான். ஓடப்போகிறவருக்கு வயது 42. அலுவலக வேலைக்கு நடுவே வாரத்துக்கு நான்கு நாள் பயிற்சி செய்கிறவர். சனிக்கிழமை இரவு அவர் எடுத்துவைக்கும் பையில் நான்கு பொருட்கள் இருக்கின்றன. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர் ஒன்று. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் போடும் மாத்திரை. இரண்டு நாளாக மூக்கடைப்பு என்பதால் மருந்துக் கடையில் வாங்கிய சளி மாத்திரை. ஓடுவதற்கு முன் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் 'பிரீ-ஒர்க்அவுட்' பொடி.

நான்கும் கடையில் வெளிப்படையாகக் கிடைப்பவைதான். ஆனால் இவற்றில் மூன்று, தனித்தனியாகவே அவரை ஊக்கமருந்து விசாரணைக்குக் கொண்டுபோகக்கூடியவை. நான்காவதான இன்ஹேலர் தனியாக இருந்தால் சிக்கல் இல்லை. அந்த ரத்த அழுத்த மாத்திரையோடு சேரும்போது அதுவும் சிக்கலாகிவிடுகிறது. எப்படி என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். விதிகளைத் தனியே படிப்பதைவிட, பையைத் திறந்துவைத்துக்கொண்டு படித்தால் சீக்கிரம் புரியும்.

இந்த விதிகள் நமக்கும் உண்டா?

உண்டு. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு, சுருக்கமாக 'வாடா', 1999இல் தொடங்கப்பட்டது. அது வகுத்த விதித்தொகுப்பில் சர்வதேச விளையாட்டுச் சம்மேளனங்களும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்புகளும் கையெழுத்திட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட சம்மேளனத்தின் அங்கீகாரத்தோடு நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே, படிவத்தில் உள்ள ஒரு வரியின் மூலம் அந்த விதிகளுக்கு நாம் உடன்பட்டுவிடுகிறோம். அமெச்சூர் போட்டிகளில் சோதனை அரிதுதான். வந்தால், வயதுப் பிரிவில் முதல் சில இடங்களைப் பிடித்தவர்களையும், குலுக்கல் முறையில் வேறு சிலரையும் அழைப்பார்கள். "நான் பொழுதுபோக்குக்கு ஓடுகிறவன், வரமாட்டேன்" என்று மறுப்பது தனிக் குற்றம். அதற்கான தண்டனை, சில பொருட்கள் உடலில் இருந்ததற்கான தண்டனையைவிடக் கடுமையாகவே முடியலாம்.

இந்த விதிகளின் அடிப்படை 'முழுப் பொறுப்பு' என்ற கொள்கை. தடைசெய்யப்பட்ட பொருள் உங்கள் மாதிரியில் இருந்தால் விதிமீறல் நடந்துவிட்டது. நீங்கள் அறிந்து எடுத்தீர்களா என்பது அடுத்த கேள்வி. தண்டனை எவ்வளவு என்பதைத்தான் அந்த அடுத்த கேள்வி தீர்மானிக்கும், மீறல் நடந்ததா என்பதை அல்ல. பிரிட்டனுக்காக ஆடிய பனிச்சறுக்கு வீரர் அலெய்ன் பாக்ஸ்டர் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். மூக்கடைப்புக்காக, தன் நாட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே பிராண்டு இன்ஹேலரை அமெரிக்காவில் வாங்கி உறிஞ்சியிருந்தார். அமெரிக்க வடிவத்தில் லெவ்மெத்தாம்ஃபெட்டமின் என்ற பொருள் கூடுதலாக இருந்தது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்பது ஏற்கப்பட்டது. பதக்கம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. பெட்டியின் முன்பக்கத்துப் பெயரை நம்பியதுதான் அவர் செய்த தவறு. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருள் பெயர்தான் மருந்தின் உண்மையான பெயர்.

பட்டியலும் கடிகாரமும்

தடைப் பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. சென்ற ஆண்டு பார்த்து 'பரவாயில்லை' என்று முடிவு செய்தது இந்த ஆண்டு செல்லாமல் போகலாம். வலி நிவாரணியான டிராமடால் 2023 முடியும்வரை போட்டிகளில் தடைசெய்யப்படவில்லை. 2024 ஜனவரி 1 முதல் தடை.

பட்டியலைப் படிக்கும் தொடக்கக்காரர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது காலத்தை. சில பொருட்கள் எந்நாளும் தடை: அனபாலிக் ஸ்டீராய்டுகள், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை, ஆஸ்துமாவுக்கான பீட்டா-2 வகை மருந்துகளில் பெரும்பாலானவை, சிறுநீர் பெருக்கிகள் முதலியன. வேறு சில போட்டி நேரத்தில் மட்டும் தடை: ஊக்கிகள், போதை வகை வலி நிவாரணிகள், கஞ்சா, வாய்வழியாகவோ ஊசியாகவோ எடுக்கும் கார்டிகோஸ்டீராய்டுகள். 'போட்டி நேரம்' என்பது பொதுவாக முந்தைய நாள் இரவு 11:59க்குத் தொடங்கி, போட்டி முடிந்து மாதிரி எடுக்கும்வரை நீள்கிறது.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 11:59க்கு முன் விழுங்கினால் தப்பு இல்லை என்று நினைக்கிறார்கள். மாத்திரையை எப்போது விழுங்கினீர்கள் என்பது சிறுநீருக்குத் தெரியாது. சனிக்கிழமை மதியம் எடுத்தது ஞாயிறு காலை மாதிரியில் இருந்தால், அது போட்டி நேரத்தில் கண்டறியப்பட்ட பொருள்தான். முழங்கால் மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும் இதே கதை. போட்டிக்கும் அந்த ஊசிக்கும் இடையே குறைந்தது 3 நாள் விட வேண்டும் என்கிறது வாடா. டிரையம்சினோலோன் வகையாக இருந்தால் 10 நாள். அதே டிரையம்சினோலோனைத் தசையில் போட்டால் 60 நாள். மருந்து ஒன்றே, போகும் வழி மாறினால் கணக்கும் மாறுகிறது.

இன்ஹேலர்

இனி பையைத் திறக்கலாம். சால்பியூட்டமால் தடைப் பட்டியலில் உள்ள பொருள்தான். ஆனால் உறிஞ்சும் வடிவில், ஓர் அளவு வரை அனுமதி உண்டு: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. வழக்கமான இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் வரும். அப்படியானால் 8 மணி நேரத்துக்கு 6 அழுத்தம், ஒரு நாளைக்கு 16. ஓட்டத்துக்கு முன் 2, நடுவில் மூச்சுத் திணறி 2, முடிந்ததும் 2 எடுத்தால் எல்லையைத் தொட்டாகிவிட்டது. அடிக்கடி இவ்வளவு தேவைப்படுகிறதென்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அதை முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விதியைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான்.

அதே மருந்தை நெபுலைசரில் எடுத்தால் நிலைமை வேறு. ஒரு குப்பியில் பெரும்பாலும் 2.5 மில்லிகிராம், அதாவது 2500 மைக்ரோகிராம் இருக்கும். முதல் குப்பியிலேயே நாள் முழுவதற்குமான எல்லை தாண்டிவிடும். சால்பியூட்டமால் மாத்திரையாகவோ சிரப்பாகவோ வந்தால் எந்த அளவிலும் அனுமதி இல்லை. டெர்பியூட்டலின் என்ற நெருங்கிய உறவு மருந்து, உறிஞ்சினாலும் தடைதான். இருமல் சிரப்புகளில் இந்த இரண்டும் அடிக்கடி வரும் என்பதால் சிரப் பாட்டிலின் பின்புறத்தை ஒருமுறை படிப்பது நல்லது.

நம் ஓட்டக்காரரின் பழக்கம் நாளுக்கு 4 அழுத்தம். இதுவரை சரி.

ரத்த அழுத்த மாத்திரை

இதுதான் பையில் உள்ள பெரிய பொறி. நாற்பதைத் தாண்டிய வீரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவர் மாத்திரையின் அட்டையில் இரண்டு பெயர்கள்: லோசார்டான் 50 மில்லிகிராம், ஹைட்ரோகுளோரோதையசைட் 12.5 மில்லிகிராம். முதலாவதற்குத் தடை இல்லை. இரண்டாவது ஒரு சிறுநீர் பெருக்கி. எந்நாளும், எல்லா விளையாட்டிலும் தடை. ரத்த அழுத்தத்துக்கு இப்படி இரண்டு மருந்தை ஒரே மாத்திரையில் சேர்ப்பது மிகச் சாதாரணம். பலர் அதை ஒரே மருந்து என்றே நினைத்து ஆண்டுக்கணக்காகப் போடுகிறார்கள்.

12.5 மில்லிகிராம் சிறுநீர் பெருக்கி யாரையும் வேகமாக ஓடவைக்காது. ஆனாலும் அது தடையில் இருப்பதற்குக் காரணம், சிறுநீரின் அளவை அது கூட்டுவதுதான். அளவு கூடினால் அதில் கரைந்துள்ள வேறு பொருட்களின் செறிவு குறையும். மறைக்க நினைப்பவருக்கு அது உதவும். எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் ஒரே நாளில் எடையை இறக்கவும் இதைப் பயன்படுத்துவார்கள்.

இந்தக் காரணத்திலிருந்துதான் இன்ஹேலர் சிக்கலும் பிறக்கிறது. சால்பியூட்டமாலுக்குச் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் அளவு மீறி உறிஞ்சியதாகவே கொள்ளப்படும். ஆனால் சிறுநீர் பெருக்கி கலந்த மாதிரியில் 300 என்று காட்டினால், அந்த 300க்கு என்ன பொருள்? நீர்த்துப்போன 1200ஆகவும் இருக்கலாமே. ஆகவே விதி இப்படிச் சொல்கிறது: மாதிரியில் சிறுநீர் பெருக்கி இருக்கும்போது, எல்லை வைத்து அனுமதிக்கப்பட்ட பொருள் எந்த அளவில் இருந்தாலும் அது பாதகமான முடிவே. சால்பியூட்டமால், ஃபார்மோட்டரால், எபிட்ரின், சூடோஎபிட்ரின் போன்றவை இதில் அடங்கும். தப்பிக்க வேண்டுமானால் சிறுநீர் பெருக்கிக்கு ஒன்று, அந்தப் பொருளுக்கு ஒன்று என இரண்டு மருத்துவ விலக்குகள் தேவை. நாளுக்கு 4 அழுத்தம் என்ற பாதுகாப்பான கணக்கு, அந்த 12.5 மில்லிகிராமால் செல்லாக்காசாகிவிடுகிறது.

மருத்துவ விலக்கு

தடைசெய்யப்பட்ட மருந்து ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால், அதைப் பயன்படுத்தத் தரும் முன் அனுமதிக்கு 'சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு' என்று பெயர். மருத்துவர்கள் அடங்கிய குழு விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு சொல்லும். அவர்கள் நான்கு விஷயங்களைச் சோதிப்பார்கள். நோய் இருப்பதற்கு மருத்துவச் சான்று இருக்கிறதா? மருந்து ஒருவரை இயல்பான ஆரோக்கியத்துக்குக் கொண்டுவருவதோடு நிற்குமா, அதற்கு மேலும் திறனைக் கூட்டுமா? தடையில்லாத மாற்று மருந்து எதுவும் நியாயமாகப் பொருந்தாதா? முன்பு விலக்கு இல்லாமல் ஊக்கமருந்து எடுத்ததால் வந்த தேவையாக இது இல்லாமல் இருக்கிறதா?

நம் ஓட்டக்காரரின் விண்ணப்பம் மூன்றாவது கேள்வியில் இடறும். ரத்த அழுத்தத்துக்குத் தடையில்லாத மருந்துகள் பல உண்டு. லோசார்டானோடு அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பானைச் சேர்ப்பது வழக்கமான சிகிச்சைதான். அவற்றை முயன்று பார்த்தோம், அழுத்தம் குறையவில்லை அல்லது பக்கவிளைவு வந்தது என்ற பதிவு இல்லாமல் "இதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் எழுதினால் குழு ஏற்காது. அவருக்கு நேர்வழி, மருத்துவரிடம் போய் "நான் போட்டிகளில் கலந்துகொள்கிறேன், சிறுநீர் பெருக்கி இல்லாத மருந்தாக மாற்ற முடியுமா?" என்று கேட்பது. மாற்ற முடிந்தால் இன்ஹேலரின் சிக்கலும் சேர்ந்தே தீர்ந்துவிடும். அவராக மாத்திரையை நிறுத்தக்கூடாது. நிறுத்திய மறுநாள் சிறுநீர் சுத்தமாகிவிடுவதில்லை. ஆனால் ரத்த அழுத்தம் ஏறிவிடும், அதோடு 21 கிலோமீட்டர் ஓடுவது ஆபத்து.

மாற்றும்போது இன்னொன்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பீட்டா தடுப்பான் வகை மாத்திரைக்கு மாற்றினால் ஓட்டத்தில் தடை இல்லை. அவரே வார இறுதியில் துப்பாக்கி சுடுதலிலோ வில்வித்தையிலோ போட்டியிட்டால், கை நடுக்கத்தைக் குறைக்கும் என்பதால் அங்கே அது எப்போதும் தடை.

மாற்று எதுவும் பொருந்தாதவர் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அனுப்புங்கள். முழுமையான விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் குழு முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. இதில் 'முழுமையான' என்ற சொல்தான் எல்லாம். பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுவது, மருத்துவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் மட்டும் இருக்கும் விண்ணப்பம். நோய் எப்போது கண்டறியப்பட்டது, எந்தெந்த நாளில் எடுத்த என்னென்ன அளவீடுகள், இதுவரை முயன்ற மருந்துகள், அவை ஏன் போதவில்லை, இப்போதைய மருந்தின் மூலப்பொருள் பெயர், அளவு, எடுக்கும் வழி, நாளுக்கு எத்தனை முறை, எவ்வளவு காலம் என அனைத்தும் இருக்க வேண்டும். விலக்கும் அதே துல்லியத்தோடுதான் தரப்படும். 12.5 மில்லிகிராமுக்கு வாங்கிய விலக்கு 25 மில்லிகிராமுக்குத் தானாகப் பொருந்தாது. காலம் முடிந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

அமெச்சூர் வீரருக்கு இங்கே ஒரு முக்கியமான சலுகை உண்டு. தேசிய மட்டமோ சர்வதேச மட்டமோ அல்லாத ஒருவரிடம் மாதிரி எடுத்தால், சோதனைக்குப் பிறகு முன்தேதியிட்டு விலக்குக் கேட்க அவரை அனுமதிக்க வேண்டும். அவசர சிகிச்சையாக எடுத்த மருந்துக்கும் இதே வழி திறந்திருக்கும். ஆனால் கேட்க அனுமதி என்பது கிடைக்கும் என்ற உறுதி அல்ல. அதே நான்கு கேள்விகள்தான், அதே ஆவணங்கள்தான். ஆகவே தடையில் உள்ள மருந்தை நீண்டகாலம் எடுப்பவர் போட்டியே இல்லாவிட்டாலும் தன் மருத்துவக் கோப்பை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டு பழைய சீட்டை, சோதனைக்குப் பிறகு தேடி எடுப்பது எளிதல்ல.

சளி மாத்திரை

சூடோஎபிட்ரின் போட்டி நேரத்தில் மட்டும் தடை. சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் குற்றம். ஒருவர் உடல் எவ்வளவு வேகமாக அதை வெளியேற்றும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓட்டத்தில் வியர்த்துச் சிறுநீர் கெட்டியாகும்போது செறிவு இன்னும் ஏறும். அதனால் போட்டிக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். ஞாயிறு காலை 6 மணி ஓட்டத்துக்குக் கடைசி மாத்திரை வெள்ளிக்கிழமை இரவு. சனிக்கிழமை மூக்கு அடைத்தால் உப்புநீர்த் துளியோ, தடையில்லாத மூக்குத் தெளிப்பானோ போதும். சளி மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் இருப்பவையும் உண்டு, ஃபீனைலெஃப்ரின் இருப்பவையும் உண்டு. இரண்டாவதற்குத் தடை இல்லை. அட்டைகள் பார்க்க ஒரேமாதிரி இருக்கும்.

பொடி டப்பா

இதுவரை பார்த்த மூன்றும் மருந்துகள். மருந்து அட்டையில் எழுதியிருப்பதை நம்பலாம். எழுதியதைப் படிக்காததுதான் அங்கே தவறு. ஊட்டச்சத்துப் பொடிகளில் நிலைமை தலைகீழ். மருந்தைப் போல விற்பனைக்கு முன் அரசு சோதித்து அனுமதிக்கும் முறை பெரும்பாலான நாடுகளில் இவற்றுக்கு இல்லை. லேபிளில் எழுதாத பொருள் உள்ளே இருக்கலாம். எவ்வளவு கவனமாகப் படித்தாலும் அது கண்ணில் படாது.

2000-2001 வாக்கில் 13 நாடுகளில் வாங்கிய, லேபிளில் ஹார்மோன் எதையும் குறிப்பிடாத 634 ஊட்டச்சத்துப் பொருட்களை ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம் சோதித்தது. 94இல், அதாவது 14.8 விழுக்காட்டில், லேபிளில் இல்லாத அனபாலிக் ஹார்மோன்கள் இருந்தன. பெரும்பாலானவற்றில் அளவு மிகக் குறைவு. ஆனால் குறைவு என்பதில் ஆறுதல் இல்லை. நான்ட்ரோலோன் வகை ஹார்மோன் மூலப்பொருள் 1 மைக்ரோகிராமைத் தாண்டி உள்ளே போனாலே சில மணி நேரத்துக்குச் சோதனை நேர்மறையாகிறது என்று அதே ஆய்வு காட்டியது. ஒரு கரண்டி 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், பொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு கலந்திருந்தாலே அந்த 1 மைக்ரோகிராம் வந்துவிடும். தசையை வளர்க்க இது எதற்கும் போதாது. சோதனையில் சிக்குவதற்குப் போதும்.

இவ்வளவு சிறிய கலப்பு எப்படி வருகிறது? முன்பு வேறொரு பொருளைக் கலக்கிய அதே எந்திரம், அதே கேப்சூல் நிரப்பி சரியாகக் கழுவப்படாதது ஒரு வழி. மூலப்பொருளை விற்றவரிடமே அது கலந்திருந்தது இன்னொரு வழி. மூன்றாவது வழி வேண்டுமென்றே செய்வது: தசை வளர்ப்பு, கொழுப்புக் கரைப்பு, பிரீ-ஒர்க்அவுட் என்று விற்பவற்றில், 'உடனே வேலை செய்கிறது' என்று வாங்குபவர் உணர்வதற்காக ஊக்கிகளையோ சிபுட்ரமின் போன்ற பசியடக்கிகளையோ சேர்ப்பது. முதலிரண்டு வழிகளில் அளவு துளி. மூன்றாவதில் அளவு அதிகம். அது உடல்நலத்துக்கும் கேடு. ஒரு கரண்டியில் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, இரவெல்லாம் தூக்கம் வராமல் போனால், லேபிளில் உள்ள கஃபீனின் அளவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் அந்த டப்பாவைத் தொடாதீர்கள்.

நம் ஓட்டக்காரரின் டப்பாவில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: கஃபீன் 200 மில்லிகிராம், பீட்டா-அலனின், பிறகு 'சக்திக் கலவை 3.2 கிராம்' என்ற தலைப்பின் கீழ், தனித்தனி அளவு சொல்லாமல் ஆறு பொருட்கள். அதில் ஒன்று 'நந்தினா செடிச் சாறு'. கஃபீனுக்கும் பீட்டா-அலனினுக்கும் தடை இல்லை. நந்தினாவில் இயல்பாகவே ஹைஜெனமின் என்ற பொருள் உண்டு. அது பீட்டா-2 வகை, எந்நாளும் தடை. செடியிலிருந்து வந்தது என்பதால் விலக்கு எதுவும் இல்லை. அதே பொருள் வேறு லேபிள்களில் நார்கோக்ளாரின் என்ற பெயரில் வரும். டிஎம்ஏஏ என்ற ஊக்கி, மெத்தில்ஹெக்சனமின் என்றும் 'ஜெரேனியம் சாறு' என்றும் வரும். ஆஸ்டரின் என்ற தசை வளர்ப்பி எம்கே-2866 என்றும் எனோபோசார்ம் என்றும் வரும். பொருட்களின் பெயர் தெரிந்தும் அளவு மறைக்கப்பட்ட 'கலவை' வரியே எச்சரிக்கைதான். அதில் பழக்கமில்லாத செடிப் பெயரும் சேர்ந்தால் அந்தப் பொடி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கோப்பை காபியில் கிடைக்கும் கஃபீனுக்காக இந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

மருந்துகளைச் சரிபார்க்கத் தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்புகள் இணையத் தேடல் வசதி வைத்திருக்கின்றன. மூலப்பொருள் பெயர், எடுக்கும் வழி, விளையாட்டு ஆகியவற்றைக் கொடுத்தால் பதில் வரும். ஊட்டச்சத்துப் பொருட்களுக்கு அந்தத் தேடல் உதவாது. லேபிளில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி 'தடை இல்லை' என்று வந்தாலும், லேபிளில் இல்லாததைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு பொடி உண்மையிலேயே தேவை என்றால், தயாரிப்பாளர் அல்லாத தனி ஆய்வகம் தொகுதி தொகுதியாகச் சோதித்த பொருளை வாங்க வேண்டும். 'என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்', 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்', 'கொலோன் லிஸ்ட்' ஆகியவை இப்படிப்பட்ட திட்டங்கள். டப்பாவில் முத்திரை இருந்தால் போதாது. அடியில் அச்சிட்ட தொகுதி எண்ணை அந்தத் திட்டத்தின் தளத்திலேயே தேடிப் பார்க்க வேண்டும். அதே பிராண்டு, அதே சுவை, வேறு தொகுதி என்றால் அது சோதிக்கப்படாத பொருள். 'வாடா அங்கீகாரம் பெற்றது' என்று டப்பாவில் போட்டிருந்தால் அது பொய். வாடா எந்த ஊட்டச்சத்துப் பொருளையும் அங்கீகரிப்பதில்லை. தொகுதிச் சோதனையும் ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது.

மாதிரி எடுக்கும்போது

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஓர் அலுவலர் அடையாள அட்டையைக் காட்டி அழைப்பார். அப்போதிருந்து மாதிரி கொடுக்கும்வரை அவர் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் வேண்டும். ஏ, பி என்று இரண்டு பாட்டில்களில் உங்கள் முன்பே முத்திரையிடுவார்கள். சீக்கிரம் முடியட்டும் என்று தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய், இன்னொரு மாதிரி கொடுக்க வேண்டி வரும்.

படிவத்தில் கடந்த 7 நாளில் எடுத்த மருந்துகளையும் ஊட்டச்சத்துப் பொருட்களையும் எழுதச் சொல்வார்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள், பொடியின் பிராண்டும் தொகுதி எண்ணும் உட்பட. "படிவத்தில் எழுதிவிட்டேன், அதனால் அனுமதி கிடைத்துவிட்டது" என்பது பரவலான தவறான எண்ணம். எழுதியது விலக்கு ஆகாது. ஆனால் பிறகு பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தால், சோதனைக்கு முன்பே மறைக்காமல் சொன்னார் என்பதற்கு அந்த வரிதான் சாட்சி.

2021ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, கடந்த ஐந்தாண்டில் தேசிய, சர்வதேச மட்டங்களில் இல்லாதவர்களை 'பொழுதுபோக்கு வீரர்' என்று தனியாகப் பார்க்கிறது. வேண்டுமென்றே செய்யவில்லை, பெரிய கவனக்குறைவும் இல்லை என்று அவர் காட்டினால், தண்டனை வெறும் கண்டிப்பில் தொடங்கி அதிகபட்சம் 2 ஆண்டுத் தடை வரை இருக்கலாம். பொருள் எப்படி உள்ளே வந்தது என்பதை நிரூபிக்கும் கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆனாலும் நிரூபிக்க முடிந்தவர் நிலை எப்போதும் மேல். பிரேசில் நீச்சல் வீரர் செசார் சியெலோ 2011இல் ஃபுரோசமைடு என்ற சிறுநீர் பெருக்கியால் சிக்கினார். தனக்காகத் தயாரிக்கப்பட்ட கஃபீன் கேப்சூலில் அது கலந்திருந்ததைக் காட்ட முடிந்ததால், விளையாட்டு நடுவர் நீதிமன்றம் எச்சரிக்கையோடு விட்டது.

அப்படிக் காட்டுவதற்கு வேண்டியது டப்பாதான். திறந்த டப்பாவில் பிறகு யார் வேண்டுமானாலும் எதையும் கலந்திருக்கலாம் என்பதால், அதே தொகுதியைச் சேர்ந்த, முத்திரை உடைக்காத இன்னொரு டப்பாவில் அந்தப் பொருள் இருப்பதை ஆய்வகம் கண்டறிந்தால்தான் வாதம் நிற்கும். ஆகவே வாங்கும்போது ஒரே தொகுதியில் இரண்டாக வாங்கி ஒன்றைத் திறக்காமல் வைப்பது, ரசீதையும் தொகுதி எண்ணையும் படமெடுத்து வைப்பது, முதல் டப்பா காலியானாலும் அடியில் ஒரு கரண்டிப் பொடியை விட்டு மூடி வைப்பது எல்லாம் செய்யலாம். ஆய்வக முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இரண்டு டப்பாக்களும் அலமாரியிலேயே இருக்கட்டும்.